டெப்த் மேப்பை மாஸ்க்காகப் போடாதீர்கள்: போர்ட்ரெய்ட் படத்தில் ஆளைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படத்துக்குள் ஒரு டெப்த் மேப் இருக்கிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, அதை வெளியே எடுத்து, லெவல்ஸை இழுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, அப்படியே மாஸ்க்காகப் போட்டுவிடுவது. இடுப்புக்கு மேல் எடுத்த படம், பின்னணியும் நன்றாகத் தள்ளி இருக்கிறது என்றால் இது ஓரளவு தேறிவிடும். முழு உருவமும் தெரிய ஒருவர் தரையில் நிற்கிற படத்தில் இதையே செய்து பாருங்கள், ஆளோடு சேர்த்துத் தரையும் பெயர்ந்து வந்துவிடும். டெப்த் மேப்புக்குத் தெரிந்தது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். அது ஆளா தரையா என்பது அதற்குத் தெரியாது. செருப்பும் செருப்புக்கு அடியில் இருக்கிற தரையும் ஒரே தூரம் என்பதால் அங்கே எந்த எண்ணை வைத்து வெட்டினாலும் பிரியாது.

இந்த முழு உருவப் படத்தையே எடுத்துக்கொள்வோம், மற்ற தவறுகள் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் சரியான கோப்பு கையில் இருக்க வேண்டும். மெசேஜிங் ஆப் வழியாக வந்த படத்தில் பெரும்பாலும் டெப்த் இருக்காது, அனுப்பும்போதே சுருக்கி வேறு கோப்பாக எழுதிவிடுகிறது. ஐபோன் படம் என்றால் திருத்தப்படாத அசல் `.heic` கோப்பு வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மங்கல் ஏற்றி முடித்த படத்தில் பின்னணி நிறம் ஆளின் ஓரம் வரை கரைந்து வந்திருக்கும், போன் தப்பாக மங்கலாக்கிய காதோரமும் விரலோரமும் அதில் அப்படியே பதிந்திருக்கும். போன் போட்ட தவறை அடித்தளமாக வைத்து அதன் மேல் நாம் துல்லியமாக வெட்டப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மங்கல் இல்லாத படத்தை எடுங்கள், மங்கலைக் கடைசியில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

லிப்ஹெய்ஃப் நிறுவியிருந்தால் உள்ளே இருப்பதை இப்படி வெளியே எடுக்கலாம்:

```
heif-convert --with-aux photo.heic photo.png
```

இதில் ஒன்றுக்கு மேல் சாம்பல் நிறப் படங்கள் வந்து விழும், இங்கேயும் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெப்த் மேப் ஒன்று. ஆள் இருக்கிற படமாக இருந்தால் போர்ட்ரெய்ட் மேட் என்று இன்னொன்று, 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்தது. அப்புறம் கோப்பின் பெயரில் `hdrgainmap` என்று இருக்கிற ஒன்று. அந்தக் கடைசிப் படத்துக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை, திரையில் எந்த இடத்தை எவ்வளவு கூடுதல் பிரகாசமாகக் காட்ட வேண்டும் என்பதற்கான தகவல் அது. வெளிச்சமான முகம் அதிலும் வெளுப்பாகத் தெரிவதால் பார்த்த மாத்திரத்தில் டெப்த் போலவே தோன்றும். ஜன்னலும் வானமும் ஆளைவிட வெளுப்பாக இருந்தால் நீங்கள் எடுத்து வைத்திருப்பது டெப்த் இல்லை.

சரி, டெப்த் மேப் கிடைத்துவிட்டது. அதில் இருக்கும் எண் மீட்டர் என்று நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. ஐபோனின் பின்பக்க இரட்டைக் கேமராக்களில் பொதுவாகச் சேமிக்கப்படுவது டிஸ்பாரிட்டி, அதாவது தூரத்தின் தலைகீழ். 2 மீட்டரில் நிற்பவருக்கு 0.5, 4 மீட்டரில் இருக்கும் சுவருக்கு 0.25. பக்கத்தில் இருப்பது வெளுப்பு, தள்ளி இருப்பது கறுப்பு. சில போன்களும் செயலிகளும் இதை நேர்மாறாக எழுதுகின்றன, ஆகவே எது வெளுப்பு என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். தலைகீழ் என்பதால் தள்ளிப் போகப் போக வித்தியாசம் சுருங்கிவிடும். 1 மீட்டரில் நிற்பவருக்கும் அவருக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் சுவருக்கும் இடையில் 0.167 வித்தியாசம் இருக்கும். அதே ஆள், அதே 20 சென்டிமீட்டர், ஆனால் 3 மீட்டர் தள்ளி என்றால் வெறும் 0.021. சுவரை ஒட்டி நிற்கவைத்து தூரத்திலிருந்து எடுத்த படத்தை டெப்த் வைத்துப் பிரிக்க முடியாமல் போவது இதனால்தான். அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது, எடுக்கும்போதே ஆளைச் சுவரிலிருந்து முன்னால் வரச்சொல்வதுதான் வழி.

இன்னொன்று, கோப்பை சாதாரணப் படமாக மாற்றும்போது மதிப்புகள் 0 முதல் 255-க்குள் அடைக்கப்பட்டுவிடும். ஒரு படத்தில் 120-இல் அழகாக வெட்டியது என்பதற்காக அடுத்த படத்திலும் 120 என்று வைத்து மொத்தமாக ஓட்டாதீர்கள். எல்லை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி.

இப்போது நம் ஆள். போனை நெட்டுக்குப் பிடித்து எடுத்த படம், டெப்த் மேப் 576 அகலம், 768 உயரம். ஆள் 2 மீட்டரில், சுவர் 3.5 மீட்டரில். டிஸ்பாரிட்டியில் 0.5-உம் 0.29-உம். நடுவில் 0.39 என்று வெட்டினால் சுவர் மொத்தமாகப் போய்விடும், சந்தோஷம். ஆனால் தரை சுவரடியில் 0.29-இல் தொடங்கி கேமராவை நோக்கி வர வர ஏறிக்கொண்டே இருக்கிறது. 600-ஆவது வரியில் 0.3375, 700-ஆவது வரியில் 0.4625 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 642-ஆவது வரியிலேயே 0.39-ஐத் தாண்டிவிடும், அதற்குக் கீழே படத்தின் அடிவரை முழுத் தரையும் ஆளோடு சேர்ந்துவிடும். இந்த நேரத்தில் பலரும் எல்லையை 0.45, 0.48 என்று ஏற்றிப் பார்ப்பார்கள். தரை கொஞ்சம் குறையும், கூடவே பின்னால் தள்ளி வைத்திருக்கும் காலும் தோளும் காணாமல் போகும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தட்டையான எந்தப் பரப்பும் டிஸ்பாரிட்டியில் நேர்கோடாகவே மாறும். மேலே பாருங்கள், 100 வரிக்கு 0.125 ஏறுகிறது, அந்த ஏற்றம் தரை முழுக்க அதே விகிதம்தான். தூரத்தை மீட்டரில் வைத்துக்கொண்டால் இது வளைகோடாகிவிடும், ஆகவே டிஸ்பாரிட்டியை மீட்டராக மாற்றுகிற வேலையே வேண்டாம். ஆளுக்கு இரண்டு பக்கமும் தெரிகிற தரையில் கொஞ்சம் இடத்தைக் கையால் குறித்து `floor` என்று ஒரு மாஸ்க் வைத்துக்கொண்டால் மிச்சத் தரையைக் கணக்கே சொல்லிவிடும்:

```python
ys, xs = np.nonzero(floor)
A = np.c_[xs, ys, np.ones(len(xs))]
p, *_ = np.linalg.lstsq(A, d[ys, xs], rcond=None)
yy, xx = np.indices(d.shape)
diff = d - (p[0]*xx + p[1]*yy + p[2])
m = (d > 0.39) & (diff > 0.04)
```

இங்கே `d` என்பது டிஸ்பாரிட்டி. 0 முதல் 255 வரையிலான படத்தை நேராக ஏற்றினாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், கடைசி வரியில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் அந்த அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். முதலாவது சுவரை நீக்குகிறது, இரண்டாவது தரையை. `diff` மட்டும் வைத்தால் சுவர் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் சுவரும் தரைக்கு மேலே எழும்பித்தானே நிற்கிறது.

650-ஆவது வரியில் ஆளின் கால் 0.5, அந்த இடத்துத் தரை 0.40. வித்தியாசம் 0.10, தாராளம். 700-ஆவது வரியில் அது 0.0375 ஆகிவிடுகிறது. பாதம் தரையைத் தொடுகிற 730-ஆவது வரியில் பூஜ்யம். ஆக இந்தப் படத்தில் கணுக்காலுக்குக் கீழே ஒரு 30 வரிக்கு டெப்த் எதுவும் சொல்லாது, அதைக் கையால் வரைந்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மேட் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டலாம். மேட் என்பது தூரத்தை மட்டும் பார்த்து வெட்டியதல்ல, எது ஆள் என்று படத்தைப் பார்த்துக் கற்ற நிரல் பிரித்தது, அதனால் பாதத்திலும் முடியிலும் டெப்த்தைவிட நன்றாக இருக்கும். ஆனால் ஆள் கையில் பிடித்திருக்கும் குடையையோ பையையோ அது பல நேரம் விட்டுவிடும். அங்கே டெப்த்தான் கைகொடுக்கும், குடையும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே தூரம் அல்லவா. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

கடைசியாக ஓரம். படம் 3024-க்கு 4032, டெப்த் மேப் 576-க்கு 768, அதாவது டெப்த்தின் ஒரு பிக்சல் படத்தில் ஐந்து பிக்சலுக்கும் மேல். போனும் இந்த மேப்பை ஏற்கெனவே மழுப்பி, ஓட்டைகளை நிரப்பித்தான் வைத்திருக்கும். அதனால் ஆளின் விளிம்பு இரண்டு மூன்று டெப்த் பிக்சல் நகர்ந்திருந்தால் படத்தில் பத்துப் பதினைந்து பிக்சல் தள்ளிப் போய்விடும். இதை நேராகப் பெரிதாக்கிவிட்டு ஃபெதர் போடுவது பலரும் செய்யும் வேலை, அது தப்பான கோட்டை மென்மையாக்குகிறதே தவிர சரியான இடத்துக்கு நகர்த்துவதில்லை. முதலில் சின்ன அளவிலேயே `m`-ஐ முடித்துவிட்டுப் பெரிதாக்குங்கள், பிறகு படத்தின் நிற விளிம்பைப் பார்த்து மாஸ்க்கைச் சரிசெய்கிற கைடட் ஃபில்டரைக் கொடுங்கள். ஓப்பன்சிவியின் கான்ட்ரிப் தொகுப்பில் இருக்கிறது:

```python
m = cv2.resize(m.astype("float32"), (3024, 4032))
a = cv2.ximgproc.guidedFilter(rgb, m, 20, 1e-4)
```

`rgb` 0 முதல் 1 வரை இருக்க வேண்டும், 255 வரை விட்டுவிட்டால் கடைசி எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். ஆளின் சட்டையும் சுவரும் ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் இது தடுமாறும், தோளோரம் பிசிறாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அங்கே 20-ஐக் குறைத்துப் பாருங்கள்.

மாஸ்க் நன்றாக வந்த பிறகும், புதுப் பின்னணியில் வைத்ததும் முடியைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு தெரிகிறதா? மாஸ்க்கை இன்னும் இன்னும் உள்ளே அரிக்காதீர்கள், முடிதான் போகும். பாதி முடி, பாதிச் சுவர் என்று இருக்கிற பிக்சல்களில் பழைய சுவரின் நிறம் கலந்தே இருக்கிறது. கிம்ப் போன்ற எந்த மென்பொருளிலும் அந்த ஓரத்தின் மேல், முடியிலிருந்தே எடுத்த நிறத்தை மாஸ்க்கைத் தொடாமல் பூசினால் போதும்.