மேற்கோள்களால் நிறைந்த வரைவைச் சீராக்க

நீண்ட மேற்கோள் ஒவ்வொன்றையும் ஒருமுறை படியுங்கள். மூலத்தை மூடிவிட்டு, அது சொல்வதை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து, சொல் மாறினால் பொருளே மாறிவிடும் என்ற தொடரை மட்டும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

1973 கேசவானந்த பாரதி தீர்ப்பிலிருந்து அரைப் பக்கம் எடுத்துப் போட்டிருந்தால், இவ்வளவே போதும்: நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் "அடிப்படைக் கட்டமைப்பை" மாற்ற முடியாது என்று 7–6 பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மூலத்தைப் பார்த்தபடியே எழுதினால் வாக்கிய அமைப்பு அப்படியே தங்கி, சொற்கள் மட்டும்தான் மாறும், அதுவும் நகல்தான். மூடிவைத்தால், புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும். அங்கே மறுபடி படிக்க வேண்டும். சொந்த வாக்கியமானாலும் மூலத்தைக் குறிப்பிடுவது கட்டாயம்.

கவிதை, கல்வெட்டு, சட்டப்பிரிவு என வாசகத்தையே ஆராயும் கட்டுரைக்கு இது பொருந்தாது. அங்கே முழுப் பகுதியும் வேண்டும்.