காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கேரி எந்த வழியாக நுழைகிறது?

நான் பல வருடம் முன்பு செய்த ஒரு தவறை, புதிதாக லாஜிக் டிசைன் படிப்பவர்கள் இன்னமும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். அடைப்புக்குறியை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகத் தெரிந்துவிடும். இது தெரியாது.

தாமதமாக வரும் சிக்னலை ஆழத்தில் புதைப்பது

முழுக் கூட்டியின் கேரி கோவையை எடுத்துக்கொள்வோம்.

```
C = ab + bc + ca
C = a(b + c) + bc
C = c(a + b) + ab
```

முதல் வரியில் 6 லிட்டரல், இரண்டு மட்டம். அடுத்த இரண்டிலும் 5 லிட்டரல், மூன்று மட்டம். இரண்டும் ஒன்றுதானே என்று நான் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம் அதையே 16 முறை அடுக்கி ஒரு ரிப்பிள் கேரி கூட்டி செய்தேன்.

ஒரு கேட்டுக்கு 1 நானோ நொடி என்று வைப்போம். a, b இரண்டும் ஆரம்பத்திலேயே தயார். c மட்டும் முந்தைய பிட்டிலிருந்து வர வேண்டும். நடு வரியில் c ஒரு OR, ஒரு AND, மறுபடி ஒரு OR கடக்கிறது. 16 பிட்டுக்கு 48 நானோ நொடி. கடைசி வரியில் a+b, ab இரண்டும் c வருவதற்குள் கணக்காகிவிடும், c கடப்பது இரண்டே கேட். முதல் பிட்டுக்கு 3, மீதி 15 பிட்டுக்கு 30, மொத்தம் 33. காரணிப்படுத்தாமல் விட்டிருந்தால் 32. அதாவது 16 லிட்டரலை மிச்சம் பிடிக்க 1 நானோ நொடிதான் விலை. நான் கொடுத்ததோ 16.

கடிகாரம் 40 நானோ நொடி. தாமதம் இல்லாத சிமுலேஷனில் எல்லாம் சரி. போர்டில் FFFF + 0001 தப்பாக வந்தது, 0001 + FFFF சரியாக வந்தது! கூட்டலில் இடம் மாற்றினால் விடை மாறுமா என்று இரண்டு நாள் வயர்களைக் குடைந்துகொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: a=1, b=0 என்றால் கேரி a(b + c) வழியாக மூன்று கேட் நடக்கிறது. a=0, b=1 என்றால் bc வழியாக இரண்டே கேட். உங்கள் கூட்டியும் இப்படி நடந்துகொண்டால் வயரைத் தொடாதீர்கள், கோவையைப் பாருங்கள்.

எந்த உள்ளீடு கடைசியாக வருகிறதோ, அதை அடைப்புக்குறிக்கு வெளியே எடுங்கள். லிட்டரலை அதற்குப் பிறகு எண்ணலாம்.

காரணிப்படுத்தினாலே தாமதம் என்று பயப்படுவது

ad + ae + bd + be + cd + ce என்பதில் 12 லிட்டரல். (a + b + c)(d + e) என்பதில் 5. இரண்டுமே இரண்டு மட்டம்தான்.

எஃப்பிஜிஏவில் இதைச் செய்வது

கேரி கோவையின் மூன்று உள்ளீடும் ஒரே லுக்-அப் டேபிளுக்குள் போய்விடும். வீண் வேலை.