கெர்ஷ்கோரின் வட்டுகள்: ஐகன் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடாமலே கண்டுபிடிப்பது

நெட் தேர்வுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தங்கிப் படித்த நாட்களில் இந்தத் தலைப்பில் ஒரு கேள்வியைத் தப்பாகப் போட்டேன். சூத்திரம் தெரியும், வட்டும் சரியாக வரைந்திருந்தேன், முடிவு மட்டும் தப்பு. அந்த இடத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அணி, ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1931-ல் கெர்ஷ்கோரின் சொன்னது இதுதான். ஒவ்வொரு நிரையிலும் மூலைவிட்ட உறுப்பை மையமாக எடுங்கள். அந்த நிரையின் மற்ற உறுப்புகளின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் ஆரம். கலப்பெண் தளத்தில் இந்த வட்டுகளை வரைந்தால், எல்லா ஐகன் மதிப்புகளும் அவற்றுக்குள்தான் எங்காவது இருக்கும்.

இந்த அணியை எடுத்துக்கொள்வோம்:

```
10  1  1
 1  5  1
 1  1  4
```

மூன்று நிரையிலும் ஆரம் 2. சமச்சீர் அணி என்பதால் ஐகன் மதிப்புகள் மெய்யெண்கள். எண்கோட்டில் பார்த்தாலே போதும். முதல் வட்டு [8, 12], அடுத்தது [3, 7], கடைசி [2, 6]. சுழியம் எதிலும் இல்லை, ஆகவே இந்த அணிக்கு நேர்மாறு உண்டு. பண்புச் சமன்பாட்டைத் தொடாமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

முதல் சில அணிகளுக்காவது கிராஃப் தாளும் காம்பஸும் எடுங்கள். எந்த வட்டு எதை வெட்டுகிறது என்பது கையால் வரையும்போதுதான் மனதில் நிற்கிறது. பிறகு பைத்தானுக்குப் போகலாம்:

```python
import numpy as np
A = np.array([[10,1,1],[1,5,1],[1,1,4]], float)
c = np.diag(A)
r = np.abs(A).sum(axis=1) - np.abs(c)
print(c, r)
```

நான் சறுக்கிய இடம்

மூன்று வட்டு, மூன்று ஐகன் மதிப்பு. அப்படியானால் வட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். தேற்றம் அப்படிச் சொல்லவே இல்லை. இதைப் பாருங்கள்:

```
0  1
4  0
```

இரண்டு வட்டுக்கும் மையம் 0. ஆரம் 1, 4. ஐகன் மதிப்புகள் 2, -2. ஆரம் 1 உள்ள வட்டு காலி!

காரணம் நிரூபணத்திலேயே இருக்கிறது. ஐகன் திசையனில் எந்த உறுப்பின் மட்டு பெரியதோ, அந்த நிரையின் வட்டுக்குள்தான் ஐகன் மதிப்பு விழும். இங்கே 2-க்கான திசையன் (1, 2), -2-க்கானது (1, -2). இரண்டிலும் பெரியது இரண்டாவது உறுப்பு. அதனால் இரண்டுமே இரண்டாம் நிரையின் வட்டில் போய் உட்கார்ந்துவிட்டன.

எண்ணிக்கை சொல்ல முடிவது வட்டுகள் பிரிந்து நிற்கும்போது மட்டும். k வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூட்டமாகி, மற்றவற்றைத் தொடாமல் நின்றால், அந்தக் கூட்டத்துக்குள் சரியாக k ஐகன் மதிப்புகள். நம் 3×3 அணியில் [8, 12] தனியாக நிற்கிறது, அதில் ஒன்று. மற்ற இரண்டு வட்டுகளும் சேர்ந்து [2, 7], அதில் இரண்டு.

ஆரத்தைச் சுருக்குவது

முதல் நிரையை 3-ஆல் வகுத்து, முதல் நிரலை 3-ஆல் பெருக்குங்கள். இது ஒப்புமை மாற்றம் என்பதால் ஐகன் மதிப்புகள் மாறாது. முதல் ஆரம் 2/3 ஆகிறது, மற்ற இரண்டும் 4 ஆகின்றன. இரண்டாம் வட்டு 9 வரை வருகிறது, முதல் வட்டு 9.33-ல் தொடங்குகிறது. இன்னும் பிரிந்தே நிற்பதால், பெரிய ஐகன் மதிப்பு [9.33, 10.67]-க்குள் என்று உறுதியாகச் சொல்லலாம். `np.linalg.eigvalsh(A)` கொடுப்பது சுமார் 3.36, 5.23, 10.41.

பின்சேர்க்கை 1: மூலைவிட்டத்தில் குறை எண் இருந்தால் ஆரம் தப்பாக வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் `np.abs(c)`-க்குப் பதிலாக வெறும் `c`-யைக் கழித்திருந்தார். நிரை 1, -1 என்றிருந்து, மையம் -1 என்றால் ஆரம் 1 வரவேண்டும்; அவருக்கு 3 வந்தது.

பின்சேர்க்கை 2: 3-க்குப் பதில் 10 போட்டால் ஆரம் இன்னும் சுருங்குமே என்று இன்னொருவர் கேட்டார். சுருங்கும், 0.2 ஆகி [9.8, 10.2] வரும். உண்மையான 10.41 அதற்குள் இல்லை. ஏனென்றால் இரண்டாம் வட்டின் ஆரம் 11-ஆக வீங்கி [-6, 16] வரை பரவி, முதல் வட்டையே விழுங்கிவிட்டது. இந்த அணிக்கு 3.41 வரை போகலாம். அதைத் தாண்டினால் வட்டுகள் முட்டிக்கொள்ளும்.