நாகர்கோவிலில் பிரீமியம் தட்கல் எடுப்பவர்களுக்கு

பொங்கல் முடிந்து நாகர்கோவிலில் இருந்து சென்னை திரும்ப டிக்கெட் இல்லையென்றால், பிரீமியம் தட்கலை அழுத்துமுன் ஒரு நிமிடம் ஒப்பிடுங்கள்.

ஸ்லீப்பர் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைப்போம். சாதாரணத் தட்கலில் 30 சதவீதம், அதாவது 120 ரூபாய்தான் கூடும். ஸ்லீப்பரில் இந்தக் கூடுதல் 200 ரூபாயைத் தாண்டாது. பிரீமியத்தில் இருக்கைகள் விற்க விற்க விலை ஏறும். சில நேரம் அதே ரயிலின் மூன்றாம் ஏசி தட்கல் விலையை நெருங்கிவிடும். அப்படியானால் ஏசியே மேல்.

ஏசி தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்குத் திறக்கும். ஆகவே ஏசி விலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உறுதியான தட்கல், பிரீமியம் இரண்டையும் நீங்களாக ரத்து செய்தால் பணம் திரும்பாது. பயணம் சந்தேகமென்றால் பொது ஒதுக்கீடே நல்லது, அதில் பிடித்தம் போக மீதி வரும்.