ஆற்றல் வரைபடத்தில் அம்புக்குறி எங்கே தொடங்குகிறது?

ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும் வினையை ஒருவர் நோட்டில் கையால் வரைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: H₂O₂ → H₂O + ½O₂. இடப்பக்கம் ஒரு மட்டம், நடுவில் ஒரு மேடு, வலப்பக்கம் தாழ்ந்த மட்டம். செங்குத்து அச்சில் வினைபடுபொருள் 120, உச்சி 195, வினைவிளைபொருள் 22 (எல்லாம் kJ/mol). பக்கத்தில் கிளர்வு ஆற்றல் Ea = 173, வினையின் வெப்ப மாற்றம் ΔH = 98 என்று குறித்திருக்கிறார். இரண்டுமே தப்பு.

முதல் வேலை: கோடு போடுவது. எழுதியிருக்கும் எண்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கையால் போட்ட மட்டம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அதனால் ஸ்கேலை வைத்து, இரண்டு மட்டங்களிலிருந்தும் உச்சிப்புள்ளியிலிருந்தும் அச்சு வரைக்கும் மெல்லிய கிடைக்கோடுகள் இழுத்துக்கொள்ளுங்கள். இனி பார்க்க வேண்டியது இந்த மூன்று கோடுகளுக்கு இடையிலான உயரங்களை மட்டும்தான்.

அடுத்து, கிளர்வு ஆற்றல். அம்புக்குறி வினைபடுபொருளின் கோட்டில் தொடங்கி உச்சியில் முடிய வேண்டும். 195 − 120 = 75. சிலர் கீழ் அச்சிலிருந்தே அம்பு போட்டு 195 என்று எழுதிவிடுவார்கள். அச்சின் பூச்சியம் நாமாக வைத்துக்கொண்டது, வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். நம் படத்தில் 173 எப்படி வந்தது? அம்பு வலப்பக்க மட்டத்தில் தொடங்கியிருக்கிறது: 195 − 22. அது பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல்.

ΔH-க்கும் தொடக்கம் அதே கோடுதான். வினைபடுபொருளில் தொடங்கி வினைவிளைபொருளில் முடியும் ஒற்றைமுனை அம்பு. 22 − 120 = −98. உச்சிக்கு இதில் வேலையே இல்லை. அம்பு கீழே இறங்குகிறது, வெப்பம் உமிழ் வினை, ஆகவே குறைக்குறி கட்டாயம். இருமுனை அம்பு போட்டால் குறி எது என்றே தெரியாமல் போய்விடும். நோட்டில் 98 என்று நின்றுபோனது அப்படித்தான்.

சரிபார்ப்பு. முன்னோக்கு Ea-இலிருந்து பின்னோக்கு Ea-ஐக் கழித்தால் ΔH வர வேண்டும்: 75 − 173 = −98. சரி, பொருந்துகிறது. அப்புறம் ஒரு பொறி: சமன்பாட்டை 2H₂O₂ என்று எழுதினால் ΔH −196 ஆகும். Ea மட்டும் 75-தான், இரட்டிப்பாகாது. அந்த −196-ஐ இந்தப் படத்தில் ஒட்டினால் கணக்கு உதைக்கும்.

வினையூக்கி இருந்தால் அதே படத்தில் இரண்டாவது வளைவு வரும். அயோடைடு அயனி சேர்த்தால் கிளர்வு ஆற்றல் ஏறத்தாழ 57-ஆகக் குறைகிறது, உச்சி 177-க்கு இறங்குகிறது. சில படங்களில் மேட்டோடு சேர்த்து வலப்பக்க மட்டத்தையும் இறக்கிவிடுவார்கள். வளைவு 22-இல் முடியாமல் 10-இல் முடிந்திருந்தால், வினையூக்கி ΔH-ஐயே மாற்றிவிட்டதாக ஆகிறது. அந்த வளைவை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.