தீபாவளி ஆஃபரில் லேப்டாப்: 40 சதவீதம் எதிலிருந்து?

தீபாவளி நெருங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் எல்லா லேப்டாப்புக்கும் ‘40 சதவீதம் தள்ளுபடி’ ஒட்டிவிடுவார்கள். அந்த 40-ஐ நம்பிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. தள்ளுபடியை எம்.ஆர்.பி.யிலிருந்து கழிக்கிறார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த விலைக்கு யாராவது வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு கணக்கு பார்ப்போம். அட்டைப்பெட்டியில் 74,990 ரூபாய், ஆஃபரில் 44,990. முப்பதாயிரம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் அதே மாடல் ஆகஸ்டில் 47,990-க்கு விற்றிருந்தால் உண்மையில் விலை இறங்கியது 3,000 ரூபாய்தான், அதாவது 6 சதவீதம். அமேசானில் இருக்கும் மாடல் என்றால் Keepa தளத்தில் பழைய விலை வரைபடத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரு மாதம் முன்பே விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கி கார்டு தள்ளுபடியையும் எக்ஸ்சேஞ்சையும் கழித்துக் காட்டும் விலையோடு இதை ஒப்பிட வேண்டாம். உங்களிடம் அந்த கார்டு இல்லையென்றால் அது உங்கள் விலையே இல்லை.

அடுத்தது, ‘ரைசன் 5’, ‘ஐ5’ என்ற பெயரோடு நின்றுவிடுவது. கடைக்காரரும் அதோடு நிறுத்திக்கொள்வார்! முழு எண்ணையும் கேளுங்கள். இன்டெலில் i5-1235U என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது. ஏஎம்டி-யில் விஷயம் கொஞ்சம் தந்திரமானது. Ryzen 5 7520U, Ryzen 5 7530U இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520U-வில் இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2, நான்கு கோர். 7530U ஜென் 3, ஆறு கோர். முன்னதில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருவதால் பிறகு கூட்டவும் முடியாது. 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். இந்த இரண்டுக்கும் நாலாயிரம், ஐயாயிரம்தான் வித்தியாசம் என்றால் நான் யோசிக்காமல் 7530U-வை எடுப்பேன்.

அப்புறம் அட்டைப்பெட்டி. அதன் லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஒன்றரை வருடம் பழையது என்றால் வாங்கவே கூடாது என்பதில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இறங்கியிருக்க வேண்டும். சும்மா கிடந்தாலும் பேட்டரி தேயும். கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, கமாண்ட் பிராம்ப்டில் இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

சேமிக்கப்படும் கோப்பைத் திறந்தால் Design capacity, Full charge capacity என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது கணிசமாகக் குறைந்திருந்தாலோ, Cycle count பத்து இருபது என்று காட்டினாலோ, அது டிஸ்ப்ளேயில் ஓடிய பீஸாக இருக்கலாம். வேறு பெட்டியைக் கேளுங்கள்.

சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டி தேதியையும் பாருங்கள். பழைய சரக்கில் அது ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கலாம். சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் இருந்தால் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம்.