பல மதத்து வாடிக்கையாளர்களுக்கு மூன்று வரியில் பண்டிகை வாழ்த்து எழுதுவது எப்படி?

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் நம் நாட்டில் மார்ச் 31 அன்று வந்தது. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதியின் பொருள் வேறு: நிதியாண்டின் கடைசி நாள். அந்தப் பரபரப்புக்கு நடுவே, திருச்சியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், ஹார்டுவேர் கடை நடத்தும் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்காக இப்படி எழுதிக் காட்டினார்:

> உலகெங்கும் வாழும் இஸ்லாமியப் பெருமக்கள் அனைவருக்கும் எங்கள் அலுவலகத்தின் சார்பில் இனிய ரமலான் நல்வாழ்த்துக்கள். இந்நன்னாளில் அன்பும் அமைதியும் சகோதரத்துவமும் தழைத்தோங்க வாழ்த்துகிறோம். மார்ச் மாத வங்கி ஸ்டேட்மெண்டை விரைவில் அனுப்பி வைக்கவும்.

நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆனால் பெற்றுக்கொள்பவர் இதில் தம்மைக் காண மாட்டார்; கடைசி வரியில் உள்ள வேலையை மட்டும் காண்பார். இதை அனுப்பத்தக்க வாழ்த்தாக மாற்றிய விதத்தை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: யாருக்கு எந்தப் பண்டிகை என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டிலோ எக்செல் கோப்பிலோ மூன்று பத்திகள் போதும்: பெயர், அவர் கொண்டாடும் பண்டிகை, அதை அவர் எந்தப் பெயரால் சொல்கிறார். மதம் என்று தனியாக ஒரு பத்தி போடாதீர்கள். நமக்குத் தேவை பண்டிகைதான். வாடிக்கையாளர்களின் மதப் பட்டியல் அலுவலகக் கணினியில் கிடப்பது யாருக்கும் நல்லதல்ல.

பெயரை வைத்து ஊகிப்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. செல்வராஜ் என்ற பெயரில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், இந்துக்களும் இருக்கிறார்கள். இந்துப் பெயர் உள்ளவர் தீபாவளியையே கொண்டாடாத பகுத்தறிவாளராக இருக்கலாம்; அவருக்குப் பொங்கல்தான் பெருநாள். கிறிஸ்தவர்களிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபையினர் உண்டு. ஆகவே, அவர் எந்த நாளில் கடையை அடைக்கிறார், சென்ற ஆண்டு நமக்கு எதற்கு இனிப்பு அனுப்பினார், எந்த நாளுக்கு விடுப்புக் கேட்டார் என்பவற்றைக் கவனித்து எழுதுங்கள். தெரியவில்லை என்றால், பேச்சுவாக்கில் "உங்கள் வீட்டில் எந்தப் பண்டிகை விசேஷம்?" என்று கேட்டுவிடலாம். இப்படிக் கேட்டதற்காக இதுவரை ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

படி 2: பண்டிகையை அவர்கள் சொல்லும் பெயரால் சொல்லுங்கள்

தம்பி எழுதிய "ரமலான் நல்வாழ்த்துக்கள்" என்பது பேச்சு வழக்கில் பரவலானதுதான் என்றாலும், ரமலான் என்பது நோன்பு நோற்கும் மாதத்தின் பெயர். அந்த மாதம் முடிந்து, அடுத்ததான ஷவ்வால் மாதத்தின் முதல் நாளில் வருவதே நோன்புப் பெருநாள். ஈகைத் திருநாள் என்றும் சொல்வார்கள். இந்த வேறுபாடு தெரியாதவர்கள் மாதம் பிறந்த உடனேயே பெருநாள் வாழ்த்தை அனுப்பிவிடுகிறார்கள். முப்பது நாள் நோன்பைத் தொடங்கியிருப்பவருக்கு அது விந்தையாக இருக்கும். மாதத் தொடக்கத்தில் ஏதேனும் அனுப்ப விரும்பினால், "நோன்புக் காலம் நல்லபடியாக அமையட்டும்" என்ற ஒரு வரி போதும். பக்ரீத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாள், தியாகத் திருநாள் என்ற பெயர்கள் உண்டு.

ஈஸ்டரைக் கத்தோலிக்கர்கள் உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள். ஈஸ்டர் வாழ்த்துகள் என்று எழுதினாலும் தவறில்லை. தெலுங்கு பேசும் வீட்டுக்கு உகாதியும் மலையாள வீட்டுக்கு விஷுவும் ஓணமும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். சமணர்களுக்குத் தீபாவளி என்பது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். அவர்களுக்குத் தீபாவளி வாழ்த்து தாராளமாகச் சொல்லலாம், ஆனால் நரகாசுரன் படம் போட்ட அட்டை பொருந்தாது.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. எவர் மனமும் புண்படக்கூடாது என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் "பண்டிகைக் கால வாழ்த்துகள்" என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனி ஒருவருக்கு எழுதும்போது பண்டிகையின் பெயரைச் சொல்லாமல் விடுவது, கல்யாண வீட்டுக்குப் போய் மணமக்களின் பெயரைக் கேட்காமல் திரும்புவது போன்றது. எல்லோரும் இருக்கும் அலுவலகக் குழுவில் மட்டும், "தீபாவளி கொண்டாடும் அனைவருக்கும் வாழ்த்துகள்; மற்றவர்களுக்கும் விடுமுறை நாள்கள் இனிதாக அமையட்டும்" என்று எழுதினால் யாரும் விடுபட மாட்டார்கள்.

படி 3: தேதியை உறுதிசெய்யுங்கள்

கிறிஸ்துமஸுக்கு இந்தக் கவலை இல்லை. இஸ்லாமியப் பெருநாள்களுக்கு உண்டு. பிறை தெரிவதைப் பொறுத்து நோன்பு 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். தமிழ்நாட்டில் 29ஆம் நோன்பின் மாலையில் தலைமை காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பார்கள். நாள்காட்டியில் அச்சிட்ட தேதியை நம்பி, முந்தைய இரவே தானாகச் செல்லும்படி செய்தியை அமைத்து வைத்தால், சில ஆண்டுகளில் ஒரு நாள் முந்திவிடும். நான் சொன்ன 2025இல் சவுதி அரேபியாவிலும் துபாயிலும் பெருநாள் மார்ச் 30. இங்கே மார்ச் 31. வளைகுடாவில் வாடிக்கையாளர் இருந்தால் அவருக்குத் தனியாகப் பார்த்து அனுப்ப வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தத் தொல்லை குறைவு. துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால், பிறை அறிவித்த அன்றே தேதி தெரிந்துவிடும்.

படி 4: மூன்று வரிகளை எழுதுங்கள்

முதல் வரி வாழ்த்து. இரண்டாம் வரி அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு செய்தி. மூன்றாம் வரி உங்கள் பெயர். தம்பியின் வாழ்த்தில் முதலில் "உலகெங்கும் வாழும் இஸ்லாமியப் பெருமக்கள்" என்பதை நீக்கினோம். அது தலைவர்களின் அறிக்கைக்கும் தெருமுனைப் பதாகைக்கும் உரிய நடை. ஒருவரிடம் பேசும்போது "தங்களுக்கும் வீட்டாருக்கும்" என்பதே இயல்பு. சகோதரத்துவம் தழைத்தோங்குவதையும் நீக்கினோம். தீபாவளிக்கு நாம் ஓர் இந்துவிடம் அப்படிச் சொல்வதில்லையே. வங்கி ஸ்டேட்மெண்டை வேறொரு நாளுக்கு, வேறொரு செய்திக்கு ஒதுக்கினோம். "வாழ்த்துக்கள்" என்பதையும் "வாழ்த்துகள்" என்று திருத்தினோம். இரண்டும் புழக்கத்தில் இருந்தாலும் இலக்கணம் அறிந்தவர்கள் ஒற்று மிகாத வடிவத்தையே ஏற்கிறார்கள்.

அடுத்ததாக விளிச்சொல். தம்பி "அன்புள்ள பாய்" என்று தொடங்கலாமா என்று கேட்டார். நேரில் நீங்கள் அவரை அப்படித்தான் அழைக்கிறீர்கள், அவரும் அதை விரும்புகிறார் என்றால் எழுதலாம். இல்லையென்றால் மற்ற வாடிக்கையாளர்களைப் போல அவரும் "சார்" தான். இரண்டாம் வரிக்கு, துபாயில் வேலை பார்க்கும் மகன் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார் என்று அவர் முந்தைய வாரம் சொன்னது கைகொடுத்தது. முடிவில் அனுப்பியது இதுதான்:

> அன்புள்ள சார், தங்களுக்கும் வீட்டார் அனைவருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். இந்த ஆண்டு மகனும் ஊரில் இருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன், மகிழ்ச்சியாகக் கொண்டாடுங்கள்.

கீழே தம்பியின் பெயர்; அலுவலக முத்திரையோ படமோ இல்லை.

இறைவன் பெயரைச் சேர்க்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. தமிழில் "இறைவன்" என்பது சைவரும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் ஒருபோலப் பயன்படுத்தும் சொல் என்பதால், "இறைவன் அருள் நிறையட்டும்" என்று எழுதுவது பெரும்பாலும் பொருந்தும். படைப்புக் கடவுளை ஏற்காத சமணருக்கும் பகுத்தறிவாளருக்கும் அதை விட்டுவிடுங்கள். உங்கள் குலதெய்வத்தை மற்றவர் பண்டிகைக்கு அழைத்து வரவும் வேண்டாம். இன்னொன்று: "பிரியாணி எங்கே?", "கேக் உண்டா?" என்பவை நண்பர்களிடம் செல்லுபடியாகும். வாடிக்கையாளர் அன்று அதே கேள்வியை இருபது பேரிடமிருந்து பெற்றிருப்பார். இருபத்தோராவது ஆளாக நாம் ஏன் சேர வேண்டும்?

படி 5: தனித்தனியாக அனுப்புங்கள்

வாடிக்கையாளர்களை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வாழ்த்தினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தக் குறை இல்லை. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மேலும் இரண்டாம் வரியை ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது. முப்பது பேருக்கு எழுத ஒரு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். பெருநாள் காலைத் தொழுகை முடிந்தபின், முற்பகலில் அனுப்புங்கள்.

வாழ்த்து அனுப்பக்கூடாத நாள்கள்

விடுமுறைப் பட்டியலில் இருக்கும் எல்லா நாளும் கொண்டாட்டம் அல்ல. புனித வெள்ளி இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். அன்று "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று வரும் செய்திகளைப் பார்த்துக் கிறிஸ்தவ நண்பர்கள் சங்கடத்தோடு அமைதியாக இருந்துவிடுகிறார்கள். அன்று ஒன்றும் அனுப்பாமல், ஞாயிறன்று ஈஸ்டர் வாழ்த்து அனுப்புங்கள். மொஹரம் இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம் என்றாலும், அதன் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்கு இமாம் ஹுசைனின் மறைவை நினைத்துத் துயருறும் நாள். மீலாது நபியை எல்லா முஸ்லிம்களும் கொண்டாடுவதில்லை என்பதால், அவர் கொண்டாடுவது தெரிந்தால் மட்டும் வாழ்த்துங்கள்.

இவற்றையெல்லாம்விட எளிதில் தவறிப்போவது துக்கம் நடந்த வீடு. நம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் இறப்பு நேர்ந்தால் ஓராண்டு வரை பண்டிகை கொண்டாடாத வழக்கம் பரவலாக உண்டு. அந்த வீட்டுக்குத் தீபாவளி வாழ்த்து போனால், பழைய பட்டியலைப் பார்த்து அனுப்பியது வெளிப்பட்டுவிடும். அதனால் எங்கள் கோப்பில் நான்காவதாக ஒரு பத்தி சேர்ந்துவிட்டது. அதில் துக்கம் நடந்த மாதம் மட்டும் இருக்கும். அந்தப் பண்டிகைக்கு வாழ்த்துக்குப் பதிலாக, அவரைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு நிமிடம் நலம் விசாரிக்கிறோம்.